விழும் எடை மோதும் கம்பியில் தகைவு எவ்வளவு? படிப்படியாக ஒரு கணக்கு

மேலே உத்தரத்தில் பூட்டித் தொங்கவிட்ட ஒரு எஃகுக் கம்பி. அதன் கீழ்முனையில் ஒரு காலர். நடுவில் துளையிட்ட ஒரு எடை கம்பி வழியே சறுக்கி வந்து அந்தக் காலரில் மோதுகிறது. எடைத்தூக்கியில் எடை நழுவினால் பிடித்து நிறுத்தும் கம்பியும், ஏறி இறங்கும் மேடையின் அடிநிறுத்தமும் இந்த அமைப்பைச் சேர்ந்தவைதான். எடையை மெதுவாக இறக்கி வைத்தால் தாங்குகிற அதே கம்பி, அதே எடை ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் நிரந்தரமாக நீண்டுவிடலாம்.

இந்தக் கணக்கைப் பாடமாகப் படித்தபோது சூத்திரம் ஒரு பக்கம், அதன் எல்லைகள் வேறொரு பக்கம், நடைமுறைத் தரவுகள் எங்கேயும் இல்லை என்ற நிலையில் நான் வெகுநாள் அல்லாடினேன். முதன்முறையாக இப்படி ஒரு கம்பியைக் கணக்குப் போட உட்காருபவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரே கம்பியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்.

1. முதலில் தாள்களைச் சேகரியுங்கள்

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் மூன்று தாள்கள் வேண்டும். முதலாவது, கம்பியின் வரைபடம். அதில் விட்டத்தையும் நீளத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. மரை எங்கே வெட்டியிருக்கிறது, விட்டம் எங்கே மாறுகிறது, காலர் கம்பியோடு சேர்ந்து கடையப்பட்டதா அல்லது நட் போட்டு முடுக்கியதா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எஃகு வாங்கும்போது தருகிற டெஸ்ட் சர்டிபிகேட். மூன்றாவது, விழப்போகும் பொருளின் எடைச்சீட்டு. எடையை உத்தேசமாகச் சொல்பவர்கள் அதோடு சேர்ந்து விழும் கொக்கியையும் சங்கிலியையும் விட்டுவிடுவார்கள்.

டெஸ்ட் சர்டிபிகேட்டைச் சரக்கு வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். கம்பியைத் துண்டு போட்டு அடுக்கிய பிறகு எந்தத் துண்டு எந்த வார்ப்பு எண்ணைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி இழுவைச் சோதனை செய்ய வேண்டிவரும். அது தனிச் செலவு, காத்திருப்பு வேறு.

சர்டிபிகேட்டில் நீங்கள் தேட வேண்டியது இளகு தகைவு, அதாவது எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு. இறுதி வலிமை என்ற பெரிய எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். கண் அதன் மேல் போகும், ஆனால் இந்தக் கணக்குக்கு அது உதவாது. ஐ.எஸ். 2062 தரத்தின் ஈ250 வகை எஃகு என்றால் எல்லோரும் 250 மெகாபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 20 மி.மீ.க்குக் குறைந்த தடிமனுக்கு. 20 முதல் 40 மி.மீ. வரை குறைந்தபட்ச உறுதி 240 மெகாபாஸ்கல்தான். நம் கம்பி 20 மி.மீ. என்பதால் 240 என்றே வைத்துக்கொள்வோம்.

2. எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

நம் கம்பியின் விட்டம் 20 மி.மீ., நீளம் 2 மீட்டர். விழும் எடை 500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 51 கிலோ. காலருக்கு மேலே 50 மி.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல்.

மில்லிமீட்டர், நியூட்டன் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தகைவு தானாகவே மெகாபாஸ்கலில் வரும். யங் குணகம் 2,00,000 ஆகும். நீளம் 2000 ஆகும். எடைச்சீட்டில் கிலோவில் இருப்பதை 9.81 ஆல் பெருக்கிய பிறகே கணக்குக்குள் விடுங்கள். கிலோவை அப்படியே போட்டால் இறுதித் தகைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து வரும். அந்த எண் பார்ப்பதற்கு நம்பும்படி இருக்கும் என்பதுதான் ஆபத்து.

3. மெதுவாக வைத்தால் எவ்வளவு நீளும்?

மோதலை மறந்துவிட்டு, அதே எடையைக் காலரின் மேல் மெல்ல இறக்கி வைப்பதாக நினையுங்கள்.

```
A    = π × 20² / 4 = 314.16 mm²
σ_st = W / A = 500 / 314.16 = 1.59 N/mm²
δ_st = W L / (A E) = 500 × 2000 / (314.16 × 200000) = 0.0159 mm
```

இந்த 0.0159 மி.மீ. என்ற நிலை நீட்சிதான் மொத்தக் கணக்கின் அச்சாணி. மிகச் சின்ன எண் என்று 0.02 ஆக முழுமைப்படுத்திவிடாதீர்கள். அந்த ஒரு செயலிலேயே விடை பத்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்துவிடும். கால்குலேட்டரின் நினைவகத்தில் முழு எண்ணாகவே வைத்திருங்கள்.

4. ஆற்றல் சமன்பாட்டை எழுதுங்கள்

விழும் எடை இழக்கும் ஆற்றல் முழுவதும் கம்பியில் திரிபு ஆற்றலாகச் சேர்கிறது என்று கொள்கிறோம். எடை கீழே வரும் தூரம் 50 மி.மீ. மட்டும் அல்ல. மோதிய பிறகும் கம்பி நீள நீள எடை இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் இடப்பக்கத்தில் உயரத்தோடு நீட்சியையும் கூட்ட வேண்டும்.

```
W (h + δ) = ½ P δ = σ² A L / (2 E)
```

வலப்பக்கத்தில் இருக்கும் அரை ஏன் இடப்பக்கத்தில் இல்லை என்று இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இடப்பக்கத்தில் இருப்பது புவியீர்ப்பு செய்யும் வேலை. எடை தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதே 500 நியூட்டன்தான், எனவே எடையைத் தூரத்தால் பெருக்கினால் முடிந்தது. வலப்பக்கத்தில் கம்பியின் எதிர்விசை பூஜ்யத்திலிருந்து P என்ற உச்சம் வரை சீராக ஏறுகிறது. அதன் சராசரி, உச்ச விசையில் பாதி. எடையைத் திடீரென்று விட்டது எது, படிப்படியாக எழுந்தது எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் இந்த அரை மறுபடி குழப்பாது.

5. மோதல் காரணி

மேலே உள்ள சமன்பாட்டில் நீட்சியை நிலை நீட்சியின் மடங்காக எழுதித் தீர்த்தால், எல்லாம் ஒரே பெருக்கு எண்ணுக்குள் அடங்கிவிடும்.

```
K = 1 + √(1 + 2h / δ_st)
σ = K × σ_st
```

நம் கம்பிக்கு 2h / δ_st என்பது 6283. ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 79.27. ஆக, மோதல் காரணி 80.27. தகைவு 1.59 மெகாபாஸ்கலிலிருந்து 127.8 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது. கம்பி இழுக்கப்படும் உச்ச விசை 40.1 கிலோநியூட்டன், அதாவது 51 கிலோ பொருள் ஒரு கணம் நாலு டன்னாக நடந்துகொள்கிறது. உச்ச நீட்சி 1.28 மி.மீ.

உயரம் பூஜ்யம் என்றாலும், அதாவது எடையைக் காலரைத் தொட்டபடி பிடித்திருந்து சட்டென்று விட்டாலும், காரணி 2 வரும். அதனால் இந்த வகைக் கணக்கில் உங்கள் காரணி 2-க்குக் கீழே வந்தால் விடை தவறு, மேலே போகாமல் நின்று தேடுங்கள்.

ஒன்றைக் கூட்டுவதையெல்லாம் விட்டுவிட்டு √(2h / δ_st) மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அது 79.27 தரும், ஒரு சதவீதம்தான் வித்தியாசம், பரவாயில்லை. ஸ்பிரிங்கோ ரப்பரோ நடுவில் வந்தால் அந்தச் சுருக்கம் கைவிட்டுவிடும். அதை எட்டாவது படியில் பார்ப்போம்.

6. விடையை இரண்டு வழியில் சோதியுங்கள்

ஆற்றலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எடை இறங்கிய தூரம் 50 + 1.28 = 51.28 மி.மீ. அதை 500 ஆல் பெருக்கினால் 25,640 நியூட்டன் மி.மீ. மறுபக்கம் σ²AL/(2E) போட்டாலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி அலகுதான்.

கணினி பக்கத்தில் இருந்தால் இந்த ஐந்து வரியே போதும். உயரத்தையும் விட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

```python
from math import sqrt
W, h, L, A, E = 500, 50, 2000, 314.16, 200000
d = W*L/(A*E)
K = 1 + sqrt(1 + 2*h/d)
print(K, K*W/A, K*d)
```

கையால் போட்டாலும் முதல் முறை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நேரம் தாள்களைத் திரட்டுவதில்தான் போகும்.

7. கம்பியைத் தடிமனாக்குவதற்கு முன் நில்லுங்கள்

127.8 மெகாபாஸ்கல் என்பது இளகு தகைவான 240-இல் பாதிக்குச் சற்று மேல். மோதலுக்கு நான் பாதிக்கு மேல் போக விடுவதில்லை (காரணம் ஒன்பதாவது படியில்). அந்த 120 மெகாபாஸ்கல் வரம்பில் இந்தக் கம்பி தாங்கும் உயரம் ஏறத்தாழ 44 மி.மீ.தான். நமக்கு வேண்டியதோ 50. எனவே ஏதாவது செய்தாக வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, "கொஞ்சம் தடியான கம்பி போட்டுவிடலாம்." முழுக் கம்பிக்கும் பரப்பை இரண்டு மடங்காக்கினால், அதாவது விட்டத்தை ஏறத்தாழ 28.3 மி.மீ. ஆக்கினால், தகைவு 90 மெகாபாஸ்கலுக்கு இறங்குகிறது. பாதியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் கம்பி விறைப்பாகி, நிலை நீட்சி பாதியாகி, மோதல் காரணி 113-க்கு ஏறிவிட்டது.

இப்போது, செலவைச் சுருக்க மேல்பாதி ஒரு மீட்டரை மட்டும் 28.3 மி.மீ. ஆக்கி, கீழ்பாதியை 20 மி.மீ. ஆகவே விட்டால் என்ன ஆகும்? நிலை நீட்சி 0.0119 மி.மீ. ஆகிறது. காரணி 92.5. மெல்லிய பாதியில் தகைவு 147 மெகாபாஸ்கல். எஃகைச் சேர்த்தோம், தகைவு 128-லிருந்து 147-க்கு ஏறியது.

இதை ஏற்க மனம் மறுக்கும், அதனால் காரணத்தை நிதானமாகப் பார்ப்போம். இரண்டு பாதியிலும் ஓடும் விசை ஒன்றே. ஒரே விசைக்கு ஒரு துண்டு சேமிக்கும் ஆற்றல் அதன் பரப்புக்கு எதிர்விகிதம். தடித்த பாதி, மெல்லிய பாதி சேமிப்பதில் பாதியைத்தான் சேமிக்கிறது. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மெல்லிய துண்டின் தலையில் விழுகிறது. முன்பு அதன் பங்கு இரண்டில் ஒன்றுதான். தடித்த துண்டு தன்னைக் காத்துக்கொண்டு, சுமையைத் தம்பியிடம் தள்ளிவிடுகிறது.

நிலைச் சுமைக்குப் பழகிய கண், மிக மெலிந்த குறுக்குவெட்டை மட்டும் தேடும். மோதலில் எவ்வளவு எஃகு நீண்டு கொடுக்கிறது, அதாவது ஒரே சீரான தகைவில் எவ்வளவு கன அளவு உழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதே 20 மி.மீ. கம்பியை 4 மீட்டர் நீளமாக்கிப் பாருங்கள்: தகைவு 91 மெகாபாஸ்கல். விட்டத்தைக் கூட்டியபோது கிடைத்த 90-க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, செலவாகும் எஃகும் அதே அளவு. ஆனால் மேல் உத்தரத்தை இழுக்கும் விசையைப் பாருங்கள். தடித்த கம்பியில் 56.5 கிலோநியூட்டன், நீண்ட கம்பியில் 28.5. இடம் இருந்தால் நீளத்தைக் கூட்டுவதுதான் என் முதல் தேர்வு. தடியாக்கினால் கம்பி பிழைக்கும், உத்தரத்தில் பூட்டிய போல்ட்டுகள் மாட்டிக்கொள்ளும்.

8. ஸ்பிரிங் வைப்பது

நீளத்துக்கு இடமில்லையா? காலரின் மேல் ஒரு சுருள் ஸ்பிரிங்கை வையுங்கள். மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால், 500 நியூட்டனுக்கு அது மட்டுமே 5 மி.மீ. அமுங்கும். நிலை நீட்சியில் இதைக் கூட்டினால் 5.016 மி.மீ. இப்போதும் எடை 50 மி.மீ. கீழே இருக்கும் ஸ்பிரிங்கின் தலையில்தான் விழுகிறது. காரணி 5.58 ஆகிறது. கம்பியின் தகைவு 128-லிருந்து 9 மெகாபாஸ்கலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

ஐந்தாம் படியில் சொன்ன சுருக்கச் சூத்திரம் இங்கே 4.47 தரும். சரியான விடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. அதுவும் ஆபத்தான பக்கத்தில், குறைத்துக் காட்டி.

ஸ்பிரிங் வாங்கும்போது விறைப்பை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். காரணியோடு பெருக்கினால் இந்த ஸ்பிரிங் 28 மி.மீ. அமுங்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், அந்தக் கணத்தில் உங்களிடம் ஸ்பிரிங் இல்லை, ஒரு இரும்புக் குழாய்தான் இருக்கிறது. மீதமுள்ள ஆற்றல் நேரே கம்பிக்குப் போகும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன், முழுக்க ஒட்டும் வரை எத்தனை மில்லிமீட்டர். இரண்டாவது எண் 28-ஐ விடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும்.

9. இந்தச் சூத்திரம் எதைச் சொல்லாது?

இந்தச் சூத்திரம் கம்பிக்கு எடையே இல்லை என்றும், மோதிய உடனே கம்பி முழுதும் ஒரே தகைவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்கிறது. உண்மையில் மோதல் ஒரு அலையாகக் கம்பியில் மேலே ஓடுகிறது, எஃகில் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் வேகத்தில். பூட்டிய மேல்முனையில் பட்டுத் திரும்பும்போது அங்கே தகைவு கூடுகிறது. நம் கம்பி உச்ச நீட்சியை எட்ட ஆகும் நேரம் சுமார் 2 மில்லிநொடி. அதற்குள் அலை இரண்டு மூன்று முறை போய்வந்துவிடும். இந்த அலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மேல்முனையில் 165 முதல் 170 மெகாபாஸ்கல் வரை வருகிறது. ஆற்றல் முறை சொன்னது 128.

கம்பியின் எடையைக் கணக்கில் சேர்த்தால் தகைவு சற்றுக் குறையும் என்று ஒரு திருத்தக் காரணியைச் சில பாடக்குறிப்புகளில் காண்பீர்கள். நம் கம்பிக்கு அது ஒன்றரை சதவீதம் குறைக்கும். அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். மேல்முனையில் நடப்பது அதற்கு நேர் எதிர். இளகு தகைவில் பாதிக்கு மேல் போகாதீர்கள் என்று நான் சொல்வது இந்த இடைவெளிக்காகத்தான்.

விழும் எடையைவிடக் கம்பி கனமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், இந்தச் சூத்திரத்தை விட்டுவிட்டு அலை முறைக்கே போங்கள். நம் கம்பி 5 கிலோ, எடை 51 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் ஆற்றல் முறையை மேற்சொன்ன இடைவெளியோடு பயன்படுத்தலாம்.

இன்னொன்று மரை. காலருக்குப் பதில் 20 மி.மீ. கம்பியின் முனையிலேயே மரை வெட்டி நட் போட்டால், மரையின் பயனுறு பரப்பு 245 சதுர மி.மீ.தான். அதே 40.1 கிலோநியூட்டன் அங்கே 164 மெகாபாஸ்கல் ஆகிறது, மரைப் பள்ளத்தில் தகைவு குவிவது தனி. இதற்கு மருந்து ஏழாம் படியிலேயே இருக்கிறது: மரையைத் தடியாக்க முடியாவிட்டால் கம்பியின் நடுப்பகுதியை மெலிதாக்குங்கள். லேத்தில் நடுப்பகுதியை 17 மி.மீ. அளவுக்குக் கடைந்துவிட்டால் உச்ச விசை 34.2 கிலோநியூட்டனுக்குக் குறைந்து, மரையில் தகைவு 140 ஆகிறது. நடுப்பகுதியில் 151 வரும். அது 120 என்ற நம் வரம்பைத் தாண்டுவதால், இதைத் தனியாகச் செய்யாமல் நீளத்தையோ ஸ்பிரிங்கையோ கூடச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். அதிர்வைத் தாங்கும் போல்ட்டுகளின் இடைப்பகுதி மரையைவிட மெலிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான். கடைந்த இடம் தடித்த இடத்தைச் சேரும் முனையில் கூர்மூலை விடாமல் வளைவாக இறக்கச் சொல்லுங்கள்.

10. மாட்டிய பிறகு

கம்பியை மாட்டும் முன், இரண்டு முனைக்கும் அருகே குத்தூசியால் மெல்லிய குறி போட்டு இடைப்பட்ட நீளத்தை அளந்து வரைபடத்திலேயே தேதியோடு எழுதுங்கள். ஆழமாகக் குத்தினால் அந்தக் குழியே விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அதே நீளத்தை மறுபடி அளக்க வேண்டும். அளவு மாறாவிட்டால் கம்பி மீட்சி எல்லைக்குள் இருந்திருக்கிறது. அரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் எஃகு இளகிவிட்டது என்று பொருள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அந்தக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். காலரின் அடி வளைவிலும் மரையின் முதல் சுற்றிலும் சாய ஊடுருவல் சோதனை செய்து மயிரிழை விரிசல் தேடுங்கள். ஸ்பிரிங் இருந்தால் அதன் தனி உயரத்தையும் அளந்து, வாங்கியபோது இருந்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். குட்டையாகியிருந்தால் அது எங்கோ ஒருமுறை முழுக்க ஒட்டியிருக்கிறது, எட்டாம் படியின் கணக்கை உண்மையான விழும் உயரத்தோடு மறுபடி போட வேண்டும்.